பெரிய சாம்பிள்ல நார்மாலிட்டி டெஸ்ட் ஏன் எப்பப் பார்த்தாலும் ஃபெயில் ஆகுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிஸ்டோகிராம் பார்த்தா மணி கவுத்து வச்ச மாதிரி அழகா இருக்கு, ஆனா SPSS-ல Sig. .000-ன்னு வருது. டேட்டா போச்சா?

போகலைங்க. உங்க சாம்பிள் எத்தனைன்னு முதல்ல பாருங்க, மூவாயிரம் நாலாயிரம்னு இருந்தா அந்த .000 வந்ததுல ஆச்சரியமே இல்ல.

நாம மனசுல கேக்குற கேள்வி வேற, டெஸ்ட் கேக்குற கேள்வி வேற. நாம கேக்குறது "என் டேட்டா ஓரளவுக்கு நார்மல் மாதிரி இருக்கா, நான் டி-டெஸ்ட் போட்டா தப்பாகாதுல்ல?" அப்படின்னு. டெஸ்ட் கேக்குறது "இந்த டேட்டா வந்த இடம் துளி பிசகு இல்லாம, கச்சிதமா நார்மலா இருக்க முடியுமா?"ன்னு. நிஜ உலகத்துல அளந்த எதுவும் கச்சிதமா நார்மல் கிடையாது, உயரம் மைனஸ்ல போகாது, மார்க் நூறுக்கு மேல போகாது, எடை மெஷின் நூறு கிராமுக்கு ஒரு தடவைதான் மாறும். அப்போ அந்தக் கேள்விக்கு பதில் "இல்ல"ன்னு முன்னாடியே தெரியும், அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு சாம்பிள் இருக்கா இல்லையாங்கிறதுதான் மிச்சம். அந்த Sig., அதாவது பி-வேல்யூ, சொல்றது பாதி உங்க டேட்டாவைப் பத்தி, பாதி உங்க சாம்பிள் சைஸைப் பத்தி.

ஷாப்பிரோ-வில்க் உள்ள என்னதான் பண்ணுது?

1965-ல ஷாப்பிரோவும் வில்க்கும் போட்ட டெஸ்ட் இது. உங்க நம்பர்களை சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா நிக்க வைக்கும். அப்புறம், நிஜமாவே நார்மலா இருந்திருந்தா முதல் ஆள் எங்க நிப்பான், ரெண்டாவது ஆள் எங்க நிப்பான்னு ஒரு எதிர்பார்ப்பு வரிசை இருக்கு, ரெண்டும் எவ்வளவு ஒட்டிப் போகுதுன்னு பார்த்து W-ன்னு ஒரு நம்பர் குடுக்கும். இந்த ரெண்டு வரிசையையும் ஒண்ணுக்கு எதிரா ஒண்ணு வச்சு வரையுறதுதான் கியூகியூ ப்ளாட், W-ங்கிறது கிட்டத்தட்ட அதோட கோரிலேஷனை ஸ்கொயர் பண்ண மாதிரின்னு வச்சுக்கலாம். 1-க்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நார்மல்.

இப்ப இதை கவனிங்க. 20 பேர் சாம்பிள்ல 5% லெவலுக்கு கட்-ஆஃப் 0.905. அதாவது W 0.92 வந்தா பாஸ். 50 பேருக்கு கட்-ஆஃப் 0.947, அந்த 0.92 இங்க ஃபெயில். 5000 பேருக்கு வந்தா 0.998 கூட ஃபெயில், அதுவும் பி-வேல்யூ 0.001-க்கும் கீழ போயிடும். 0.92 எடுத்தவன் பாஸ், 0.998 எடுத்தவன் ஃபெயில்! ரெண்டுல எது நார்மலுக்கு கிட்ட இருக்குன்னு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ரிப்போர்ட்ல எல்லாரும் W-ஐ விட்டுட்டு Sig. column-ஐ மட்டும் காப்பி பண்றாங்க, எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம்.

சாம்பிள் கூடக்கூட ஏன் இப்படி ஆகுது? நல்லதுதானே நடக்கணும்?

கணக்கு போட்டுப் பார்த்துடலாம். இதுக்கு ஷாப்பிரோ-வில்க் வேணாம், ஜார்க்-பெரா டெஸ்ட் கையாலயே போடலாம், ஃபார்முலா இவ்வளவுதான்:

```
JB = (n/6) * (S^2 + (K-3)^2/4)
p  = exp(-JB/2)
```

S-ங்கிறது ஸ்க்யூனஸ், டேட்டா ஒரு பக்கமா சாயுறது. K கர்டோசிஸ், வால் எவ்வளவு தடிமன்ங்கிறது, நார்மலுக்கு அது 3, அந்த 3-ஐக் கழிச்சா வர்றது உபரி கர்டோசிஸ். பி-வேல்யூ இவ்வளவு சிம்பிளா வர்றதுக்குக் காரணம் JB-யோட டிஸ்ட்ரிபியூஷன் ரெண்டு டிகிரி கை-ஸ்கொயர், அதுக்கு வால் அப்படியே எக்ஸ்போனென்ஷியல். சின்ன சாம்பிளுக்கு இது தோராயம்தான், இங்க நமக்கு அது போதும்.

ஸ்க்யூனஸ் 0.1, கர்டோசிஸ் 3.1-ன்னு வச்சுக்கோங்க. இது எவ்வளவு சின்னதுன்னு புரியணும்னா உயரத்துல யோசிங்க. எஸ்டி 6 சென்டிமீட்டர்னா, ஸ்க்யூனஸ் 0.1-ங்கிறது சராசரிக்கும் மீடியனுக்கும் நடுவுல தோராயமா 1 மில்லிமீட்டர் வித்தியாசம். அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாது.

ஃபார்முலால போட்டா அடைப்புக்குள்ள 0.0125 வரும், அதை n/6-ஆல பெருக்கணும். சாம்பிள்ல ஸ்க்யூனஸும் கர்டோசிஸும் இதே அளவுலயே இருக்குன்னு வச்சுக்கிட்டு n-ஐ மட்டும் மாத்துவோம். 100 பேர்னா JB 0.21, பி-வேல்யூ 0.90, சூப்பர் பாஸ். 1000 பேர்னா JB 2.08, பி 0.35, இப்பவும் பாஸ்தான். 3000 பேர்னா JB 6.25, பி 0.044, ஃபெயில். 10,000 பேர்னா JB 20.8, பி 0.00003, "கடுமையா ரிஜெக்ட்". டேட்டாவோட வடிவம் கொஞ்சம் கூட மாறல பாருங்க, அதே 1 மில்லிமீட்டர் சாய்வுதான், ஃபார்முலால n வெளில நின்னு பெருக்கிக்கிட்டே இருக்கு.

டெஸ்ட் தப்பா வேலை செய்யுதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அது ரொம்ப சரியாவே வேலை செய்யுது, நிஜமா இருக்குற வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிக்குது. நகைக்கடைத் தராசுல அரிசியை நிறுத்திட்டு ஒரு குருமணி கூட இருக்குன்னு சண்டை போட்டா தராசு மேல என்ன தப்பு?

நிஜமாவே நார்மலான டேட்டா கூட ஃபெயில் ஆகுமா?

ஆகும், அதுவும் நாமளே கம்ப்யூட்டர்ல நார்மல்னு சொல்லி உண்டாக்கின டேட்டாவே ஃபெயில் ஆகும். R-ம் அதுல `nortest` பேக்கேஜும் இருந்தா இதைப் போட்டுப் பாருங்க:

```r
library(nortest)
set.seed(1)
h <- round(rnorm(5000, 152, 6))
lillie.test(h)
lillie.test(h + runif(5000, -0.5, 0.5))
```

5000 பெண்களோட உயரம், சராசரி 152, எஸ்டி 6, கச்சிதமான நார்மல்ல இருந்து எடுத்தது. ஒரே ஒரு வேலைதான் பண்ணியிருக்கேன், முழு சென்டிமீட்டருக்கு ரவுண்ட் பண்ணிட்டேன், ஏன்னா ஃபீல்டுல டேப் பிடிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. `lillie.test` என்பது லில்லிஃபோர்ஸ் திருத்தம் போட்ட கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ், SPSS-ல `Tests of Normality` டேபிள்ல இடது பக்கம் வர்றதும் இதேதான்.

முதல் டெஸ்ட் கண்டபடி ரிஜெக்ட் பண்ணும். ஏன்னா இந்த டெஸ்ட் "இந்த உயரம் வரைக்கும் எத்தனை சதவீதம் பேர்"னு டேட்டாவுலயும் நார்மல் வளைவுலயும் பார்த்து, ரெண்டுக்கும் நடுவுல எங்க அதிகபட்ச இடைவெளி இருக்கோ அதை எடுத்துக்கும். 152-ன்னு எழுதுனவங்க நிஜத்துல 151.5-ல இருந்து 152.5 வரைக்கும் பரவியிருந்தவங்க, சுமார் 6.6%, அதாவது 5000-ல 330 பேர் கிட்ட. எல்லாரையும் ஒரே புள்ளில குமிச்சு வச்சுட்டோம். வளைவு 152 வரைக்கும் 50% பேர்னு சொல்லுது, டேட்டா 53.3%-ன்னு சொல்லுது, இடைவெளி 3.3%. லில்லிஃபோர்ஸ் கட்-ஆஃப் பெரிய சாம்பிளுக்கு தோராயமா 0.886-ஐ n-ஓட ஸ்கொயர் ரூட்டால வகுத்தது. 200 பேர்னா அது 6.3%, அதனால இந்த 3.3% பெரும்பாலும் தப்பிச்சிடும். 5000 பேர்னா கட்-ஆஃப் 1.25%, தப்பிக்க வழியே இல்ல. 700 பேர் சுத்தி வரும்போதே மாட்டிக்கும்.

இதனால நமக்கு நஷ்டம் என்ன? சராசரி அப்படியே 152. வேரியன்ஸ் 36-ல இருந்து 36.08 ஆகும், முழு எண்ணுக்கு ரவுண்ட் பண்ணா வேரியன்ஸோட 1/12, அதாவது 0.083, கூட்டிக்கணும்ங்கிறது பழைய கணக்கு. எஸ்டி 6.00 இருந்தது 6.007 ஆச்சு. அவ்வளவுதான் மொத்த நஷ்டமும், இதுக்குத்தான் .000.

ரெண்டாவது டெஸ்ட்ல, குமிஞ்சு கிடந்தவங்களை அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி ரேண்டமா கலைச்சு விட்டிருக்கேன். பெரும்பாலும் பாஸ் ஆயிடும். உங்க டேட்டால ரிஜெக்ட் ஆனது ரவுண்டிங்கால தானான்னு கண்டுபிடிக்க இது நல்ல வழி, கலைச்சுப் போட்டதும் பாஸ் ஆச்சுன்னா வடிவம் சரி, டேப்தான் குத்தவாளி. கலைச்ச டேட்டாவை வச்சு மெயின் அனாலிசிஸ் பண்ணிடாதீங்க, இது நோய் கண்டுபிடிக்க மட்டும். கியூகியூ ப்ளாட்லயும் இதே விஷயம் தெரியும், கோடு நேரா போகும் ஆனா மாடிப்படி மாதிரி படிப்படியா இருக்கும்.

சரி, ரிஜெக்ட் ஆன டேட்டால டி-டெஸ்ட் போட்டா ஆபத்து இல்லையா?

இங்கதான் வேடிக்கையே. டி-டெஸ்ட்டுக்கு தனித்தனி ஆளோட உயரம் நார்மலாங்கிறது அவ்வளவு முக்கியம் இல்ல, சராசரி எப்படி ஆடுதுங்கிறதுதான் முக்கியம். சராசரியோட ஸ்க்யூனஸ் என்னன்னா, டேட்டாவோட ஸ்க்யூனஸை n-ஓட ஸ்கொயர் ரூட்டால வகுத்தது. மேல பார்த்த 0.1 ஸ்க்யூனஸை எடுத்துக்கோங்க, 3000 பேர்ல சராசரியோட ஸ்க்யூனஸ் 0.0018. இதை யாராலும் எதுக்கும் கண்டுக்க முடியாது.

அதாவது n கூடக்கூட டெஸ்ட்டோட கண்ணு கூர்மையாகுது, அதே நேரம் அந்தக் கோளாறால வர்ற கெடுதல் குறைஞ்சுக்கிட்டே போகுது, ரெண்டும் எதிர் எதிர் திசைல போகுது. டெஸ்ட் சத்தமா கத்துற இடத்துலதான் பெரும்பாலும் கெடுதல் கம்மி.

தலைகீழா சின்ன சாம்பிளைப் பாருங்க. எக்ஸ்போனென்ஷியல்னு ஒண்ணு இருக்கு, கஸ்டமர் வெயிட்டிங் டைம் மாதிரி, ஸ்க்யூனஸ் 2, பார்த்தாலே ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கிடக்கும். அதுல இருந்து 10 பேர் எடுத்து ஷாப்பிரோ-வில்க் போட்டா பாதிக்கு மேற்பட்ட தடவை பாஸ் ஆயிடும். ஆனா கெடுதல் அங்கதான் இருக்கு, நீங்க 95%-ன்னு நம்பிப் போடுற கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் நிஜத்துல 90% தடவைதான் சரியா வரும். அதே எக்ஸ்போனென்ஷியல்ல 5000 பேர் எடுத்தா டெஸ்ட் நூத்துக்கு நூறு ரிஜெக்ட் பண்ணும், ஆனா சராசரியோட ஸ்க்யூனஸ் 0.03-க்கும் கீழ, இன்டர்வல் சொன்னபடி 95% வேலை செய்யும்.

அப்போ 30 பேர் சாம்பிள்ல பி 0.3 வந்தா நார்மல்னு எழுதலாம்ல?

"நார்மல் இல்லன்னு காட்ட ஆதாரம் பத்தல"ன்னு எழுதுங்க. இருட்டுல டார்ச் இல்லாம தேடிட்டு பாம்பு இல்லன்னு சொல்ற மாதிரிதான் அது. ஒரு உதாரணம்: யூனிஃபார்ம், அதாவது மணியே இல்லாம மேசை மாதிரி தட்டையா இருக்குற டிஸ்ட்ரிபியூஷன், அதுல 20 பேர் எடுத்தா ஷாப்பிரோ-வில்க் அஞ்சுல ஒரு தடவைதான் கண்டுபிடிக்கும்.

பெரிய டேட்டால இருந்து ரேண்டமா 50 மட்டும் எடுத்து டெஸ்ட் போட்டா பாஸ் ஆகுதே, அதை ரிப்போர்ட் பண்ணலாமா?

வேணாம் ப்ளீஸ். இதை எத்தனை தீசிஸ்ல பார்த்திருக்கேன்னு கணக்கே இல்ல. 4950 பேரைத் தூக்கிப் போட்டு டெஸ்ட்டைக் குருடாக்கிட்டு பாஸ்னு சொல்றது, கண்ணாடியைக் கழட்டிட்டு கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி. நாலு தடவை எடுத்துப் பார்த்து எது பாஸோ அதைப் போடுறவங்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம். வித்தியாசம் சின்னதுன்னு நீங்க நம்புறீங்கன்னா அது எவ்வளவு சின்னதுன்னு அளந்து காட்டுங்க.

ஸ்க்யூனஸை அதோட ஸ்டாண்டர்ட் எரரால வகுத்து 1.96-க்குள்ள இருக்கான்னு பார்க்கச் சொல்றாங்களே?

அதுவும் அதே டெஸ்ட்தான், வேற சட்டை. ஸ்டாண்டர்ட் எரர் தோராயமா 6/n-ஓட ஸ்கொயர் ரூட். 50 பேருக்கு ஸ்க்யூனஸ் 0.68 வரைக்கும் விட்டுடும், 5000 பேருக்கு 0.07 வந்தாலே பிடிச்சுக்கும். வகுக்காம ஸ்க்யூனஸை அப்படியே பாருங்க, போதும்.

கைடு "பி 0.05-க்கு மேல வரணும், இல்லன்னா மேன்-விட்னி போடு"ங்கிறார். என்ன பண்றது?

இந்த மெயில்தான் எனக்கு அதிகமா வருது. முதல்ல, எதை டெஸ்ட் பண்ணீங்கன்னு பாருங்க. ஆண் பெண் ரெண்டு பேர் உயரத்தையும் ஒரே column-ல போட்டு டெஸ்ட் பண்ணா ரெண்டு மணி ஒண்ணா கலந்து கிடக்கும், ரிஜெக்ட் ஆகத்தான் செய்யும். டி-டெஸ்ட் கேக்குறது ஒவ்வொரு குரூப்புக்குள்ள எப்படி இருக்குன்னு. ரிக்ரெஷன்னா ரெசிடுவலைப் பார்க்கணும், மூல Y-ஐ இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பொண்ணு வந்தா, ரெண்டு மாசமா லாக் எடுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்து, என்னென்னமோ பண்ணி Y-ஐ நார்மல் ஆக்க முயற்சி பண்ணியிருக்கா, ரெசிடுவலை எடுத்து கியூகியூ ப்ளாட் போட்டா நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியாம உக்காந்திருந்தா பாவம்.

அடுத்து மேன்-விட்னி. அது டி-டெஸ்ட்டுக்கு ஸ்டெப்னி டயர் கிடையாது, வேற கேள்விக்கு பதில் சொல்ற டெஸ்ட். டி-டெஸ்ட் ரெண்டு சராசரிக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு சொல்லும், மேன்-விட்னி இந்த குரூப்புல ஒருத்தரையும் அந்த குரூப்புல ஒருத்தரையும் எடுத்தா யார் பெருசா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லும். உங்க கேள்வி சராசரியைப் பத்தினதுன்னா நார்மாலிட்டி டெஸ்ட் ஃபெயில் ஆச்சுங்கிறதுக்காக கேள்வியையே மாத்துறது அநியாயம்.

கைடுகிட்ட நேரா போய் "நீங்க சொல்றது தப்பு"ன்னு நிக்காதீங்க, நடக்காது. டெஸ்ட் ரிசல்ட்டை மறைக்காம எழுதுங்க, பக்கத்துலயே அளவையும் எழுதுங்க. இந்த மாதிரி:

"ஷாப்பிரோ-வில்க் சோதனை நார்மல் என்ற கருதுகோளை நிராகரித்தது (p < 0.001). ஆனால் n = 4200; W = 0.998, ஸ்க்யூனஸ் 0.09, உபரி கர்டோசிஸ் 0.12. கியூகியூ ப்ளாட்டில் பெரிய விலகல் இல்லை. இந்த அளவு விலகல் சராசரிகளின் ஒப்பீட்டைப் பாதிக்காது என்பதால் வெல்ச் டி-டெஸ்ட் பயன்படுத்தப்பட்டது."

இன்னும் சந்தேகப்பட்டார்னா, உங்க டேட்டால இருந்தே திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்துப் போடுற பூட்ஸ்ட்ராப் இன்டர்வல் ஒண்ணு போட்டு டி இன்டர்வல் பக்கத்துல வைங்க. ரெண்டும் ஒட்டி இருந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, நான் பார்த்த வரைக்கும்.

கியூகியூ ப்ளாட்ல எவ்வளவு வளைஞ்சா தப்புன்னு எப்படி முடிவு பண்றது? எனக்கு எல்லாமே வளைஞ்ச மாதிரிதான் தெரியுது.

கண்ணைப் பழக்கணும். உங்க டேட்டாவோட சராசரி, எஸ்டி, சாம்பிள் சைஸ் மூணையும் வச்சு `rnorm`-ல 19 போலி டேட்டா உண்டாக்குங்க, 19-க்கும் ப்ளாட் போட்டு, நடுவுல உங்களோடதை எங்கயாவது சொருகிட்டு, பக்கத்துல இருக்குற ஃப்ரெண்டைக் கூப்பிட்டு "இதுல எது வித்தியாசமா இருக்கு?"ன்னு கேளுங்க. கண்டுபிடிக்க முடியலைன்னா விடுங்க. கண்டுபிடிச்சா எங்க வளையுதுன்னு பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் மூணு நாலு புள்ளி ஆடுறது சகஜம், நார்மல் டேட்டாலயே ஆடும். நடுவுல இருந்தே வாழைப்பழம் மாதிரி வளைஞ்சா ஸ்க்யூனஸ்.

அப்போ பெரிய சாம்பிள் இருந்தா நார்மாலிட்டியைக் கண்டுக்கவே வேணாமா?

அப்படி சொல்லல. சராசரியைப் பத்தி பேசுற வரைக்கும்தான் மேல சொன்ன சலுகை எல்லாம். தனி ஆளைப் பத்தியோ ஓரத்தைப் பத்தியோ பேச ஆரம்பிச்சீங்கன்னா n எத்தனை லட்சம் ஆனாலும் காப்பாத்தாது. ஃபேக்டரில டாலரன்ஸ் தாண்டுற பீஸ் எத்தனை, லேப் ரிப்போர்ட்ல நார்மல் ரேஞ்சோட மேல் எல்லை எது, ஷேர் மார்க்கெட்ல ஒரே நாள்ல எவ்வளவு விழும், இது எல்லாமே வால் கேள்வி.

உதாரணத்துக்கு, 10 டிகிரி டி-டிஸ்ட்ரிபியூஷன் எடுத்துக்கோங்க, உபரி கர்டோசிஸ் 1, ஹிஸ்டோகிராம்ல நார்மலோட அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். சராசரில இருந்து 4 எஸ்டிக்கு வெளில எத்தனை பேர்னு கேட்டா நார்மல் 10 லட்சத்துல 63-ன்னு சொல்லும், இதுல நிஜமா வர்றது சுமார் 1,200. சராசரியை ஒப்பிட இது பிரச்சனையே இல்ல, 4 எஸ்டி தாண்டுன பீஸுக்கு காசு திருப்பிக் குடுக்குற கம்பெனிக்கு இது கிட்டத்தட்ட இருபது மடங்கு செலவு. அங்க நார்மல் ஃபார்முலாவை விட்டுட்டு டேட்டால இருந்தே நேரா பெர்சென்டைல் எண்ணுங்க, பெரிய சாம்பிள் வச்சிருக்குறதுக்கு அதுதானே பிரயோஜனம். 10 லட்சத்துல 63 மாதிரி ரொம்ப ஓரத்துக்குப் போனா 5000 டேட்டால எண்ணவும் ஆள் இருக்காது, அதுக்கு வாலுக்குன்னே தனி மாடல் போடணும், அது வேற கதை.

R-ல `shapiro.test` போட்டா "sample size must be between 3 and 5000"-ன்னு எரர் வருது. என்கிட்ட 12,000 இருக்கு.

R-ல இருக்குறது ராய்ஸ்டன் 1995-ல குடுத்த கணக்கு முறை, பி-வேல்யூவுக்கான தோராயம் 5000 வரைக்கும்தான் சரிபார்த்தது, அதனால அதுக்கு மேல விடாது. பைத்தான்ல `scipy.stats.shapiro` W-ஐ குடுத்துட்டு பி-வேல்யூ சரியா இருக்காதுன்னு ஒரு வார்னிங் மட்டும் போடும். 5000-ஆ வெட்டிப் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். வெட்ட வேணாம், 12,000-ல பி-வேல்யூ என்ன வரும்னு எனக்கு இங்க இருந்தே தெரியும், கியூகியூ ப்ளாட்டை அனுப்புங்க.